சட்டத்தில் தட்டையாக இருந்த மணி வரிசை, கழற்றியதும் அலையாக எழும்புவது ஏன்?

குங்குமப்பூ, சாட்ஸ்வொர்த்

அனைவருக்கும் வணக்கம். புரட்டாசி விரதம் முடிந்ததும் எங்கள் வீட்டில் நடக்கவிருக்கும் கல்யாணத்திற்காக, மணப்பெண்ணின் ராசில்க் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்துகொண்டிருக்கிறேன். கை ஓரத்தில் முதலில் இரண்டு வரிசை ஜரிச் சங்கிலித் தையல், அதற்கு மேல் ஒரு வரிசை சுகர் மணி, அதற்கும் மேல் ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறியபடி 4 மில்லிமீட்டர் சமிக்கி என்பதுதான் வடிவம். ஓரத்தின் நீளம் 30 சென்டிமீட்டர்.

முதல் கை ஒரு குறையும் இல்லாமல் வந்தது. இரண்டாவது கையும் சட்டத்தில் இருந்தவரை அதே அளவுக்குத் தட்டையாகவே இருந்தது. ஆனால் கழற்றி மேசையில் போட்டதும் ஓரம் முழுவதும் மேலும் கீழுமாக எழும்பி நிற்கிறது. விரலால் அழுத்தினால் ஓரிடம் படிகிறது, பக்கத்து இடம் எழும்புகிறது. நூல், மணி, ஊசி எதையும் மாற்றவில்லை. ஒரே மரச்சட்டத்தில்தான் இரண்டையும் செய்தேன். துணியை இன்னும் வெட்டவில்லை. பிரித்துச் செய்யத்தான் வேண்டுமா, அல்லது வேறு வழி உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மல்லிகை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அக்கா, நீங்கள் நூலை இறுக்கமாக இழுத்திருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கீழே இடது கையில் பிடித்திருக்கும் நூலை விட்டுக்கொடுக்காமல் ஊசியை மேலே தூக்கினால் ஒவ்வொரு தையலும் துணியைச் சிறிது சுருக்கும். சட்டம் இழுத்துப் பிடித்திருக்கும்வரை அது தெரியாது, கழற்றியதும் தெரியும். அடுத்த முறை நூலைத் தளர்வாக விடுங்கள். இப்போதைக்குப் பின்பக்கத்தில் இஸ்திரி போட்டால் படிந்துவிடும்.

செம்பருத்தி, லெனேசியா

எனக்கும் இதே தொல்லைதான். ஊசி கீழே போகிறது, நூலையும் பிடிக்கிறது. ஆனால் மேலே வரும்போது துணியின் இழையையும் சேர்த்துக் கொக்கியில் மாட்டிக்கொண்டு வருகிறது. பட்டில் இழை இழுபட்டுக் கோடு விழுந்துவிடுகிறது. சட்டம் தளர்வாக இருப்பதால்தான் இப்படி ஆகிறதா?

ஊசிமுனை, பீனிக்ஸ்

செம்பருத்தி அவர்களுடையது வேறு சிக்கல் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கைப்பிடியில் ஊசியை முடுக்கும் சிறு திருகாணியும் கொக்கியின் வாயும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். துணிக்குக் கீழே போன கொக்கி நம் கண்ணுக்குத் தெரியாததால், அந்தத் திருகாணிதான் கொக்கி எங்கே பார்க்கிறது என்று விரலுக்குச் சொல்லும். தையல் நகரும் திசையைத் திருகாணி பார்த்திருக்க ஊசியை இறக்குங்கள். கீழே நூலைக் கொக்கியில் சுற்றியபின் கைப்பிடியை அரைச் சுற்றுத் திருப்புங்கள். பிறகு ஊசியின் முதுகு துளையின் முன்விளிம்பை லேசாகத் தள்ளியபடி மேலே வரட்டும். துளை கொக்கி இருக்கும் பக்கம் ஒரு மயிரிழை திறக்கும், கொக்கி இழையைத் தொடாமல் வெளியே வரும். சட்டம் தளர்ந்திருந்தால் துளை திறக்காது. அந்த அளவுக்கு நீங்கள் கேட்டது சரிதான். அப்போதும் இழை மாட்டினால் கொக்கியின் நுனியை நகத்தில் உரசிப் பாருங்கள். கீறினால் ஊசியை மாற்றிவிடுங்கள்.

குங்குமப்பூ அவர்களுக்கு: நூல் இறுக்கம் என்று மல்லிகை சொல்வது பல நேரங்களில் உண்மைதான். ஆனால் நூல் இறுகினால் துணி வரிசைக்குக் குறுக்கே சின்னச் சின்ன மடிப்பாகச் சுருங்கும், ஓரம் மொத்தத்தில் குட்டையாகும். நீங்கள் சொல்வது அதுவல்ல. ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் எழும்புகிறது என்றால், மணி வரிசை நீளமாகவும் அதன் கீழே இருக்கும் துணி குட்டையாகவும் இருக்கிறது என்று பொருள். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும். ஒன்று, மணியின் அகலத்தைவிடச் சிறிய அடியாக வைத்து மணிகளை நெருக்கியிருக்கலாம்; அப்படி என்றால் சட்டத்தில் இருக்கும்போதே மணிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிமிர்ந்திருக்கும். உங்களுடையது சட்டத்தில் தட்டையாக இருந்தது. எனவே நான் இரண்டாவதைத்தான் சந்தேகிக்கிறேன்: துணி அளவுக்கு மீறி இழுபட்ட நிலையில் தைத்திருக்கிறீர்கள், கழற்றியதும் அது தன் பழைய நீளத்துக்குத் திரும்பிவிட்டது. மணி திரும்பாது.

ஜரி வரிசையையும் உற்றுப் பாருங்கள். சங்கிலியின் கண்கள் தளர்ந்து சற்றே பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் என் ஊகம் உறுதியாகும். விறைப்பாகத் துணியைக் கடித்துக்கொண்டிருந்தால் மல்லிகை சொன்னதுதான். இன்னொரு கேள்வி: இரண்டு கைகளையும் சட்டத்தில் ஒரே திசையில்தான் மாட்டினீர்களா?

இஸ்திரியால் இது தீராது. நீள வித்தியாசத்தைச் சூடு சரிசெய்யாது. பிளாஸ்டிக் சமிக்கி என்றால் சூட்டில் சுருண்டும் போய்விடும்.

குங்குமப்பூ, சாட்ஸ்வொர்த்

ஐயா, ஜரியின் கண்கள் நீங்கள் சொன்னபடியே தளர்ந்துதான் கிடக்கின்றன. திசையும் மாறியிருக்கிறது. முதல் கையின் ஓரம் உருளைக் கட்டைகளுக்கு இணையாக இருந்தது. மீதித் துணி அகலத்தில் போதாததால் இரண்டாவது கையைத் திருப்பி, ஓரம் ஓர் உருளையிலிருந்து மற்ற உருளையை நோக்கிப் போகும்படி மாட்டினேன். மீதித் துண்டில் 20 சென்டிமீட்டர் கோடு வரைந்து, அதேபோல் மாட்டி, வழக்கமாக நான் முறுக்கும் அளவுக்கு உருளையை முறுக்கி அளந்தேன். கோடு 20.6 ஆகிவிட்டது. பக்கவாட்டில், கயிறு கட்டிய திசையில் வரைந்த கோடு 20.1 மட்டுமே.

ஊசிமுனை, பீனிக்ஸ்

உங்கள் அளவே விடையைச் சொல்லிவிட்டது. உருளையின் திசையில் துணி நூற்றுக்கு மூன்று பங்கு நீண்டிருக்கிறது. சட்டத்தில் 30 சென்டிமீட்டராக இருந்த ஓரம், கழற்றியதும் ஏறக்குறைய 29.1 ஆகச் சுருங்கும். 2 மில்லிமீட்டர் சுகர் மணி 150 கோத்திருந்தால் அந்த வரிசை 30 சென்டிமீட்டராகவே நிற்கும். எஞ்சும் 9 மில்லிமீட்டருக்குப் போக இடமில்லாததால் மேலே எழும்புகிறது. முதல் கையின் ஓரம் கயிற்றின் திசையில் இருந்ததால் தப்பியது. உருளையை முறுக்கும்போது கைக்குக் கிடைக்கும் பலம் கயிற்றை இழுக்கும்போது கிடைப்பதில்லை. அதனால் இந்த வகைச் சட்டத்தில் ஒரு திசை மட்டும் எப்போதும் கூடுதலாக இழுபட வாய்ப்பு உண்டு.

மாட்டும்போது நான் செய்வதைச் சொல்கிறேன். துணியில் ஓர் இழையை உருவி எடுத்து, அந்தக் கோட்டை நேராக வைத்து, நடுவிலிருந்து இரு பக்கமாகச் சட்டத்தின் நாடாவோடு தைப்பேன். மாட்டுவதற்கு முன்பே, தைக்கப்படாத மூலையில் நெடுக்கும் குறுக்குமாக இரண்டு 20 சென்டிமீட்டர் கோடுகளைச் சாக்கால் வரைந்துகொள்வேன். உருளையைப் பாதி முறுக்கிவிட்டுப் பக்கங்களைக் கயிற்றால் இரண்டு விரல் இடைவெளியில் கட்டி, பிறகு உருளையையும் கயிற்றையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குவேன். இரண்டு கோடுகளும் 20.2 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு நீண்டிருக்க வேண்டும். தட்டினால் பறை போல் ஒலிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் 20.2-இலும் ஒலிக்கும், 20.6-இலும் ஒலிக்கும். காதை நம்பாமல் அளவுகோலை நம்புங்கள்.

நம் கடற்கரைப் பக்கத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டர்பனில் ஈரக்காற்று அடிக்கும் நாட்களில் பட்டு ஈரத்தை வாங்கித் தொய்ந்துவிடும். தொய்ந்ததைப் பார்த்து இன்னும் ஒரு பல் முறுக்கினால், காற்று காய்ந்ததும் துணி தேவைக்கு மேல் விறைத்திருக்கும். எனவே மறுபடி முறுக்கும் ஒவ்வொரு முறையும் கோட்டை அளந்துவிட்டே ஊசியை எடுங்கள்.

மல்லிகை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காட்டன் லைனிங்கை முதலில் சட்டத்தில் மாட்டி, பட்டை அதன் மேல் இழுக்காமல் விரித்து, சுற்றிலும் ஓட்டுத் தையல் போட்டுவிட்டால் இந்தக் கணக்கே தேவையில்லையே? இழுப்பைக் காட்டன் தாங்கிக்கொள்ளும். நாங்கள் எல்லா ரவிக்கைக்கும் அப்படித்தான் செய்கிறோம்.

ஊசிமுனை, பீனிக்ஸ்

நல்ல முறைதான், பட்டில் உருளையின் தடம் விழாமலும் இருக்கும். ஆனால் தையல் இரண்டு துணிகளையும் சேர்த்துப் பிடிப்பதால், காட்டன் நூற்றுக்கு மூன்று பங்கு நீண்டிருந்தால் அது சுருங்கும்போது பட்டையும் மணியையும் கூட்டிக்கொண்டே சுருங்கும். கணக்கு அங்கேயும் வேண்டும். லைனிங்கை முன்பே நனைத்துக் காயவைக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் முதல் துவையலில் இதே அலை வரும்.

குங்குமப்பூ, சாட்ஸ்வொர்த்

தெளிவாகப் புரிந்தது ஐயா. இனி இந்தக் கையை எப்படி மீட்பது? எல்லாவற்றையும் பிரித்தால் பட்டில் துளைகள் தெரியுமே என்று பயமாக இருக்கிறது.

ஊசிமுனை, பீனிக்ஸ்

ஜரியைத் தொட வேண்டாம். அது வளைந்துகொடுக்கும், தளர்ச்சி அணியும்போது அவ்வளவாகத் தெரியாது. மணி வரிசையையும் சமிக்கி வரிசையையும் மட்டும் பிரியுங்கள். துணியை மறுபடி சரியான இழுப்பில் மாட்டிவிட்டு, வரிசையின் முடிவில் போட்ட பூட்டுத் தையலை வெட்டி, நூலை இழுத்தால் சங்கிலி பின்னோக்கித் தானே அவிழ்ந்து வரும். மணிகள் கீழே சிதறாமல் ஒரு தட்டை ஏந்திக்கொள்ளுங்கள். துளைகளின் மேல் நகத்தின் முதுகால் நெடுக்கிலும் குறுக்கிலும் மெல்ல வருடினால் இழைகள் கூடும். புதிய வரிசையும் அதே கோட்டில் போவதால் எஞ்சிய துளைகளை மணி மூடிவிடும்.

மறுபடி கோக்கும்போது ஒரு மணியின் அகலம் எவ்வளவோ அவ்வளவே அடியெடுத்து வையுங்கள். ஊசித் தண்டில் நாலைந்து மணிகளை ஏற்றிக்கொண்டு, மேலே வந்த கண்ணுக்குள் ஒரு மணியைச் சரியவிட்டு, அந்த மணி துணியில் படுத்த பிறகு அதன் விளிம்பை ஒட்டி ஊசியை இறக்குங்கள். 5 சென்டிமீட்டருக்கு 25 மணி வந்தால் சரி. 26 வந்தால் அங்கேயே நிறுத்திப் பிரித்துவிடுங்கள். சமிக்கிக்கு 2 மில்லிமீட்டர் அடி.

மல்லிகை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பிரிக்காமலே ஒரு வழி இருக்கிறது. கை ஓரத்து உள்மடிப்பில் வைக்கும் கேன்வாஸ் பட்டையை மணி வரிசையின் நீளத்துக்கு, அதாவது 30 சென்டிமீட்டருக்கே வெட்டி, பட்டுத் துணியை அதன் மேல் இழுத்துப் பிடித்துக் கையால் தைத்துவிட்டால் துணி திரும்பவும் நீண்டு நிற்கும், அலை படிந்துவிடும். நான் ஒரு ரவிக்கைக்கு அப்படிச் செய்தேன். இன்றுவரை நன்றாகவே இருக்கிறது.

ஊசிமுனை, பீனிக்ஸ்

ஓரம் படியும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஓரம் மட்டும் 9 மில்லிமீட்டர் கூடுதலாக நின்றால் அதற்கு மேலே உள்ள துணி அதோடு ஒத்துப்போகாது. இறுக்கமான கையில் ஓரம் லேசாக விரிந்து நிற்கும் என்பது என் எண்ணம். பட்டு எப்போதும் இழுபட்டே இருப்பதால் தையல் ஓரத்தில் இழை விலகவும் கூடும். உங்கள் ரவிக்கையின் துணி என்ன, கை எவ்வளவு தளர்வு என்று தெரிந்தால் அதைப் பற்றி இன்னும் பேசலாம்.

குங்குமப்பூ, சாட்ஸ்வொர்த்

இரண்டு வரிசைகளையும் பிரித்துவிட்டேன். கோடுகள் இப்போது நெடுக்கில் 20.2, குறுக்கில் 20.1. மணி வரிசையைப் பாதிவரை கோத்து, 5 சென்டிமீட்டருக்கு 25 என்று எண்ணிக்கொண்டே வந்தேன். உருளையைத் தளர்த்திப் பார்த்தபோது ஓரம் எழும்பவில்லை. சமிக்கி வரிசை இன்னும் பாக்கி. மல்லிகை, உங்கள் ரவிக்கை ராசில்க்தானா, வேறு பட்டா என்று சொல்லுங்கள். கழுத்து வளைவிலும் இலேசாக ஓரிடம் எழும்பியிருக்கிறது, அங்கே துணி சாய்வாக இருப்பதால் கேன்வாஸ் வைப்பதா பிரிப்பதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.