ஒரு பங்குக்குப் பத்து ஓட்டு: இதற்கு என்ன சொல்?

செல்வி, ஊட்டி:
வணக்கம். பி.காம். பாடக்குறிப்பை நாளைக் காலை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும். ஒரே நிறுவனத்தில் ஓட்டுரிமை வேறுபடும் இருவகைப் பங்குகள் இருப்பதுதான் ‘டூயல் கிளாஸ் ஷேர்’. அதற்கு ‘இரட்டைப் பங்கு’ என்று போட்டிருந்தேன். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமா மிஸ்?’ என்கிறாள் ஒரு மாணவி. வேறு சொல் தாருங்கள்.

மாதன், கோத்தகிரி:
எங்கள் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் இந்த வம்பே இல்லை. பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். இலைக்கு விலைதான் வரவில்லை.

புலவர் நடேசன், குன்னூர்:
நம்மிடமே சொல் இருக்கிறது. மேல்வாரம், குடிவாரம். ஆள்பவனுக்கு மேல்வாரம், உழுபவனுக்குக் குடிவாரம். ‘மேல்வாரப் பங்கு’ என்க.

அன்வர், கொடைக்கானல்:
ஐயா, மேல்வாரமும் விளைச்சலில் ஒரு பங்குதானே. இங்கே விளைச்சல் எல்லாருக்கும் ஒன்றுபோல, அதிகாரம்தான் வேறு. மொத்தம் 100 பங்கு என்று வையுங்கள். நிறுவனரிடம் 10, ஒவ்வொன்றுக்கும் 10 ஓட்டு. மற்றவர்களிடம் 90, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓட்டு. மொத்த ஓட்டு 190, அதில் அவருக்கு 100. லாபத்தில் பத்தில் ஒரு பங்கு, ஓட்டில் பாதிக்கு மேல்.

ஆனால் இது மெல்லிய வரப்பு. பல நிறுவனங்களில் அந்தப் பங்கை வெளியாருக்கு விற்றால் அது சாதாரணப் பங்காகிவிடும். அவர் இரண்டை விற்றால் 80-க்கு எதிரே 92, பிடி போச்சு. விற்காமலே, ஊழியர்களுக்கு 20 புதுப் பங்கு கொடுத்தாலும் 100-க்கு எதிரே 110. அதனால்தான் கூகுள் 2014-இல் ஓட்டே இல்லாத மூன்றாவது வகையைக் கொண்டுவந்தது. அங்கே ‘இரட்டை’யும் பொருந்தாது.

ராஜி, குன்னூர்:
டாடா மோட்டார்ஸ் ஓட்டுரிமையை மாற்றி ‘டிவிஆர்’ என்று விற்ற பங்கு மாதிரிதானே? ‘ஓட்டுக் குறைந்த பங்கு’ என்றே போடலாமே.

அன்வர்:
பாதி சரி. அதில் பொதுமக்களுக்கு விற்றதுதான் ஓட்டுக் குறைந்தது, பத்துப் பங்குக்கு ஒரு ஓட்டு. அதற்கு ஈடாக ஈவுத்தொகை கொஞ்சம் கூடுதல். 2008-இல் வந்தது, 2024-இல் பத்துக்கு ஏழு சாதாரணப் பங்கு கொடுத்து ஒழித்துவிட்டார்கள். செல்வி கேட்பது நிறுவனர் கையில் ஓட்டைக் குவிக்கும் வகை. அப்படிப்பட்ட நிறுவனத்தின் அறிக்கையில் உரிமையாளர் அட்டவணையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் டீச்சர். பங்கு விழுக்காடும் ஓட்டு விழுக்காடும் தனித்தனிப் பத்தியில் இருக்கும். எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதுதான் பாடமே.

புலவர் நடேசன்:
‘ஓட்டு’ என்பது ஆங்கிலம். ‘வாக்கு வேற்றுமைப் பங்கு’ என்க.

ராஜி:
‘வாக்கு’ மட்டும்? வடசொல்தானே ஐயா. ‘வேற்றுமை’ என்றால் பிள்ளைகள் ஐ, ஆல், கு என்று எழுதுவார்கள்.

மாதன்:
‘ஓட்டு’ இருக்கட்டும். கம்பெனியை ஓட்டுவதும் அதுதானே.

புலவர் நடேசன்:
சிலேடை கலைச்சொல் ஆகாது. குடவோலை தந்த ‘ஓலை’யை மறந்தோம். ‘ஓலைமிகு பங்கு’.

செல்வி:
ஐயா, அதைக் கல்யாணப் பத்திரிகை என்பார்கள். ‘ஓட்டு மிகுந்த பங்கு’, ‘ஓட்டுக் குறைந்த பங்கு’ என்று போடுகிறேன். மொத்த ஏற்பாட்டுக்குப் ‘பலவகை ஓட்டுப் பங்கு முறை’. அன்வர் சார் கணக்கையும் எடுத்துக்கொள்கிறேன்.

புலவர் நடேசன்:
என் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்க.