எட்டா, ஐந்தா? கோ ஆட்டத்தின் கடைசிக் கணக்கு: உங்கள் அனுபவம் என்ன?

ஓரக்கல்

எனக்கு தோக்கியோவில் வேலை. சனிக்கிழமை மாலையில் வீட்டுக்குப் பக்கத்து கோ கிளப்பில் உட்கார்ந்துவிடுவேன். அங்கே என்னோடு அடிக்கடி ஆடும் ஒரு பெரியவர் இருக்கிறார், நல்ல கை. போன வாரம் அவரோடு நடந்த ஒரு வாக்குவாதத்தை இங்கே வைக்கிறேன்.

நான் கறுப்பு. சண்டையெல்லாம் ஓய்ந்து, பலகையில் மூன்றே இடம் பாக்கி. வலது பக்கத்தில் வெள்ளையின் 4 கல் அட்டாரியில் நிற்கிறது. நான் ஒரு கல் வைத்தால் நாலும் கைக்கு வரும். பிடித்த கல் 4, காலியாகும் கட்டம் 4, மொத்தம் 8 புள்ளி. அவர் முந்திக்கொண்டு இணைத்துவிட்டால் எனக்கு அங்கே ஒன்றுமில்லை. மேலே இதே மாதிரி 3 கல், அதற்கு 6 புள்ளி. யார் ஆடினாலும் இரண்டு இடங்களும் கோத்தேதான், அத்தோடு முறை எதிராளிக்குப் போய்விடும்.

மூன்றாவது இடம் இடது கீழ் மூலை. அங்கே வெள்ளை முதல் வரிசையில் ஹானே வைத்தால் நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். விட்டால் மூலையில் என் கூட்டமே சாகும். அப்படி அவர் நுழைந்தால் எனக்கு 5 புள்ளி குறையும், முறையும் அவரிடமே இருக்கும். நானே முன்கூட்டி அடைத்தால் அந்த 5 தப்பும், ஆனால் என் முறை செலவாகிவிடும்.

நான் மூலையை அடைத்தேன். அவர் 4 கல்லைக் காப்பாற்றினார், நான் 3 கல்லைப் பிடித்தேன். இரண்டாவதாக ஆடும் வெள்ளைக்குக் கொடுக்கும் கோமி 6.5 கழித்து 2.5 புள்ளியில் எனக்கு வெற்றி. கல்லை அள்ளும்போது அவர், "எட்டு இருக்கும்போது ஐந்தை எடுத்தாயே, அதிர்ஷ்டம்தான்" என்றார். சரி, திருப்பி வைத்துப் பார்ப்போம் என்று மறுபடி ஆடினோம். நான் 4 கல்லைப் பிடித்தால் அவர் மூலையில் ஹானே, நான் பதில், பிறகு அவர் 3 கல்லை இணைக்கிறார். எனக்கு 8 மட்டும்தான். நான் ஆடிய வழியில் 5+6=11. மூன்று புள்ளி வித்தியாசம். அவர் சொன்னபடி ஆடியிருந்தால் அரைப் புள்ளியில் தோற்றிருப்பேன்.

அவர் இன்னும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. உங்களுக்கு இந்த மாதிரி இடம் வந்திருக்கிறதா?

கட்டம் பத்தொன்பது

இதில் வாக்குவாதத்துக்கே இடமில்லை அண்ணா. எதிராளி ஆடினால் நாம் பதில் சொல்லியே ஆக வேண்டிய இடம் அவருக்குச் சென்தே, அதை நாமே முந்தி அடைப்பது ரிவர்ஸ் சென்தே. அந்த ரிவர்ஸ் சென்தேயை இரண்டால் பெருக்கி, கோத்தேயோடு ஒப்பிட வேண்டும். 5-ஐ இரட்டித்தால் 10, அது 8-ஐ விடப் பெரிது. நான் ஆன்லைனில் ஆடும்போது கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் செய்கிறேன். யார் ஆடினாலும் சென்தேயாக இருக்கும் டபுள் சென்தே இருந்தால் முதலில் அது, அப்புறம் என் சென்தே, அப்புறம் ரிவர்ஸ், கடைசியில் கோத்தே. இந்த வரிசை எனக்குத் தவறியதே இல்லை.

சிராங்கூன்

எனக்கு இந்தப் பிரச்சினையே வந்ததில்லை. சிங்கப்பூரில் நான் கற்றுக்கொண்டது சீன விதி. ஆட்டம் முடிந்ததும் பிடித்த கல்லையெல்லாம் எண்ண மாட்டோம். பலகையில் இருக்கும் கல்லையும் அது சூழ்ந்த காலிக் கட்டத்தையும் சேர்த்து எண்ணுவோம், கோமி 7.5. நீங்களும் அப்படி எண்ணினால் குழப்பமே வராதே?

ஓரக்கல்

ஆட்டம் முடிந்த பிறகு எண்ணுவதைப் பற்றி நான் கேட்கவில்லைங்க. முடிவதற்கு முன்னால் அடுத்த கல்லை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. சீன விதியிலும் இந்த மூன்று இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தானே ஆக வேண்டும்?

சிராங்கூன்

ஆமாம், அவசரமாகப் படித்துவிட்டேன். ஆனால் ஒன்று. எங்கள் கணக்கில் யாருக்கும் சேராத கடைசிக் கட்டத்தில் கல் வைப்பவருக்கும் ஒரு புள்ளி உண்டு. அரைப் புள்ளி ஆட்டம் அதிலேயே திரும்பி நான் பார்த்திருக்கிறேன்.

பழைய கறுப்பு

ஓரக்கல், உங்கள் ஆட்டம் சரி. பெரியவர் சொன்னதில் பொருளே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கட்டம் பத்தொன்பது தம்பி சொல்கிற பெருக்கல் பெரும்பாலும் பலிக்கும், ஆனால் "கண்ணை மூடிக்கொண்டு" என்ற இடத்தில்தான் ஆபத்து.

இரட்டிப்பதன் காரணத்தை முதலில் பார்ப்போம். 4 கல் இருக்கும் இடம் கறுப்புக்கு 8 ஆகலாம், 0 ஆகலாம். யாருக்குப் போகும் என்று தெரியாதவரை அதை நடுவில் 4 என்றுதான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கறுப்பு பிடித்தால் 4 என்பது 8 ஆகிறது. அதாவது அந்த ஒரு கல்லால் கிடைத்த லாபம் 4. மூலை அப்படியில்லை. வெள்ளை நினைத்தபோது ஹானே வைத்துப் பதில் வாங்கிவிட்டு, முறையையும் இழக்காமல் வேறு பக்கம் போகும். அதனால் அந்த 5 ஏற்கெனவே போய்விட்டதாகத்தான் கணக்கு. நீங்கள் அடைத்தால் 5-ம் முழு லாபம். 4-க்கு எதிரே 5 நிற்கிறது, அவ்வளவுதான்.

இது எப்போது பிசகும் என்று என் கிளப்பில் ஒரு மாணவனோடு ஆடிய ஆட்டத்தில் தெரிந்தது. கிட்டத்தட்ட உங்கள் பலகைதான், கூடவே அட்டாரியில் இன்னொரு 2 கல். அதற்கு 4 புள்ளி. ஆக கோத்தே இடங்கள் 8, 6, 4. மூலையில் அதே 5. கறுப்பு முறை. பையன் இரட்டித்துப் பார்த்து மூலையை அடைத்தான். நான் 8-ஐக் காப்பாற்றினேன், அவன் 6-ஐ எடுத்தான், நான் 4-ஐ இணைத்தேன். அவனுக்கு 11. அவன் முதலில் 8-ஐப் பிடித்திருந்தால்? நான் மூலையில் ஹானே, அவன் பதில், நான் 6-ஐ இணைப்பேன், கடைசி 4 அவனுக்கு. மொத்தம் 12. இரட்டித்ததால் அவனுக்கு ஒரு புள்ளி நஷ்டம்.

இன்னும் ஒரு கல் அட்டாரியில் இருந்து, அதற்கு 2 புள்ளி என்றால் மறுபடி புரளும். மூலையை அடைத்தால் 5+6+2=13, எட்டை எடுத்தால் 8+4=12. பலகையில் 8 மட்டும் பாக்கி என்றால் பெரியவர் சொன்னதே சரி. எட்டை விட்டு ஐந்தை எடுக்க அங்கே காரணமே இல்லை.

நான் மனதில் போடும் கணக்கு இது: கோத்தே இடங்களைப் பெரியதிலிருந்து வரிசைப்படுத்தி, ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போவேன். 8−6=2. இது 5-ஐ விடச் சிறிது, மூலையை அடை. 8−6+4=6. இது 5-ஐ விடப் பெரிது, எட்டைப் பிடி. 8−6+4−2=4. மறுபடி மூலை. சின்னச் சின்னதாக நிறைய இடம் பாக்கி இருந்தால் இந்தக் கூட்டல் கழித்தல் பெரிய எண்ணின் பாதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இரட்டிப்பது பெரும்பாலும் பலிப்பதற்குக் காரணம் அதுதான். கடைசி நாலைந்து இடத்துக்கு வந்துவிட்டால் விதியை விட்டுவிட்டு நேராக ஆடிப் பார்த்து எண்ணுங்கள்.

கட்டம் பத்தொன்பது

நாலையும் பலகையில் வைத்துப் பார்த்தேன் சார், சரியாகத்தான் வருகிறது. ஆனால் ஒரு நகர்வுக்கு 30 வினாடி ஓடும்போது இதெல்லாம் யாருக்கு நேரம்? ஒரு புள்ளிதானே போகிறது?

பழைய கறுப்பு

அரைப் புள்ளியில் தோற்றவரிடம் கேளுங்கள் தம்பி. கொரிய ஆட்டக்காரர் லீ சாங்-ஹோ இந்தக் கடைசிக் கட்டத்தில் சேர்த்த புள்ளிகளால் எத்தனையோ ஆட்டம் ஜெயித்தவர். நாலு எண்ணை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்க 30 வினாடி போதும். அந்த எண்களை முன்கூட்டியே, எதிராளி யோசிக்கும் நேரத்தில், எண்ணி வைத்திருக்க வேண்டும்.

மாலைநேரம்

என் அனுபவம் கொஞ்சம் வேறு. பெயரில்தான் சென்தே, ஆட்டத்தில் இல்லை.

எதிராளி வெள்ளை, நல்ல பலம். ஓரத்தில் என் இடத்துக்குள் மங்கி ஜம்ப் போட்டார். பதில் சொன்னால் எனக்கு 8 புள்ளி போகும், எல்லோரும் பதில் சொல்லும் இடம்தான். ஆனால் நடுவில் என் 10 கல் அட்டாரியில் நின்றது. இணைத்தால் தப்பும், இல்லையென்றால் 20 புள்ளி போச்சு. ஓரத்தை விட்டால் அவர் இன்னும் எவ்வளவு உள்ளே வர முடியும் என்று எண்ணினேன், மேற்கொண்டு 12. கூட்டம் சாகாது. அதனால் நடுவில் இணைத்தேன். அவர் ஓரத்தில் 12-ஐ எடுத்தார், முறை எனக்கே வந்தது. பயந்து ஓரத்தில் பதில் சொல்லியிருந்தால் அவர் நடுவில் 20-ஐ எடுத்துப் போயிருப்பார். எட்டு புள்ளி மிச்சம்.

ஆட்டம் முடிந்ததும் அவர், "அது சென்தே ஆயிற்றே, எப்படி விட்டீர்கள்" என்றுதான் கேட்டார். வேறு எங்கும் அதைவிடப் பெரிய இடம் இல்லாதபோதுதான் அது சென்தே.

கட்டம் பத்தொன்பது

அப்படியென்றால் டபுள் சென்தே? அதையாவது உடனே ஆடலாம்தானே?

பழைய கறுப்பு

அதுவும் மாலைநேரம் சொன்ன அதே சோதனையில் தேற வேண்டும். இரண்டு பக்கமும் பதில் சொல்லும் அளவுக்கு மிரட்டல் பெரிதாகி, யாரும் இன்னும் ஆடாமல் இருந்தால், முதலில் கண்ணில் பட்டவர் எடுத்துக்கொள்வார். அதனால் நல்ல ஆட்டங்களில் அது ரொம்ப நேரம் தங்குவதில்லை. தங்கியிருந்தால், பலகையில் இன்னும் பெரிய இடம் இருக்கிறது என்று நான் சந்தேகப்படுவேன்.

மாலைநேரம்

இதை நான் முழுசாக ஏற்கவில்லை. எங்கள் மட்டத்தில் இருவருமே பார்க்காமல் விட்ட டபுள் சென்தே நிறைய கிடக்கும்.

ஓரக்கல்

பெரியவரிடம் 8, 6, 4 கணக்கைக் காட்டினேன். சிரித்துவிட்டு ஒரு எதிர்க்கேள்வி போட்டார். அதே பலகை, ஆனால் வெள்ளை முறை. ஹானேயை உடனே வைத்துவிடுவதா, பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விடுவதா?

பழைய கறுப்பு

உடனே வைக்க வேண்டும். ஹானே, பதில், வெள்ளை 8-ஐக் காக்கிறது, கறுப்பு 6, வெள்ளை 4-ஐ இணைக்கிறது. கறுப்புக்கு 6 மட்டும். விட்டுவிட்டு முதலில் 8-ஐக் காத்தால் கறுப்பு மூலையை அடைக்கும், வெள்ளை 6-ஐ இணைக்கும், கறுப்பு 4-ஐ எடுக்கும். 9 ஆகிவிடும்.

ஓரக்கல்

நானும் இதையே சொன்னேன். உடனே அவர் பலகையின் இன்னொரு பக்கம் ஒரு பெரிய கோ சண்டையை வைத்துவிட்டார். ஆட்டத்தின் பெயரில்லை, ஒரே கல்லை மாறி மாறிப் பிடிக்கும் இடம்; உடனே திருப்பிப் பிடிக்கக் கூடாது, முதலில் வேறிடத்தில் ஒரு மிரட்டல் வைக்க வேண்டும். "இப்போது அந்த ஹானே என்னிடம் இருக்கும் ஒரே மிரட்டல். அதைச் செலவழித்துவிட்டால் கோவுக்கு எதை வைப்பேன்?" என்கிறார். கோவின் மதிப்பு சுமார் 10 புள்ளி. வைத்திருந்தால் மேலே சொன்ன மூன்று புள்ளியை இழக்கும் ஆபத்து.

பழைய கறுப்பு

கோவை ஜெயிக்க யாருக்கு எத்தனை நகர்வு வேண்டும், உங்களிடம் எத்தனை மிரட்டல் மிச்சம் என்று தெரியாமல் சொல்ல முடியாது. பலகையைப் படம் எடுத்துப் போடுங்கள்.