தத்துக்குத் தயாராக ஐந்து குட்டிகள்: முதல் 2 வார அனுபவத்தை எழுதுங்கள்

கீதா (காப்பகத் தன்னார்வலர்): ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு ஐந்து நாட்டு நாய்க்குட்டிகள் வருகின்றன. மழைநீர் வடிகாலில் மீட்டவை, மூன்று பெண், இரண்டு ஆண். வயது 8 வாரம் இருக்கும். பூச்சி மருந்து கொடுத்தாச்சு, முதல் தடுப்பூசியும் போட்டாச்சு. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதத்தோடு வாங்க. வளர்ந்ததும் கருத்தடை செய்வதாகக் கையெழுத்தும் வாங்குவோம். போன முகாமில் கூட்டிட்டுப் போனவங்க, வீட்டுக்கு வந்த முதல் 2 வாரம் எப்படி இருந்ததுன்னு சொல்லுங்களேன்.

செல்வி: எங்க குட்டி நாலாம் நாள் சாப்பாட்டை மோந்துட்டுத் திரும்பிக்கிச்சு. கூடப் பிறந்ததுங்களைத் தேடுதுன்னு மாமியார் சொன்னாங்க. சாயங்காலம் மஞ்சளா வாந்தி எடுத்ததும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். பார்வோங்கிற வைரஸ் நோய்! மறுநாள் ரத்தபேதி. தினமும் டிரிப்ஸ் ஏத்தித்தான் பிழைச்சுது. இப்ப வீட்டையே ஆளுது.

முரளி: ஊசி போட்ட குட்டிக்கு எப்படிங்க வரும்? தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புச் சக்தி வேற இருக்குமே.

கீதா: அண்ணா, அந்தத் தாய்ப்பால் சக்திதான் சில சமயம் ஊசியை வேலை செய்ய விடாது. அது எப்போ குறையும்னு குட்டிக்குக் குட்டி மாறும். அதனாலதான் 16 வாரம் ஆகும்வரை 3, 4 வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடச் சொல்றாங்க. தவிர, கிருமி ஏற்கெனவே உடம்புல இருந்தாலும் வெளியே தெரிய பெரும்பாலும் ஒரு வாரம்கிட்ட ஆகும். முகாம்ல துள்ளி விளையாடுற குட்டியும் அப்படி இருக்கலாம்.

ரஹீம்: எங்க வீட்டுல 6 வயசு நாய் இருக்கு. குட்டியைப் பார்த்தா உறுமுமா?

கீதா: உறுமலாம், பாய். பெரியவருக்கு ஊசியெல்லாம் சரியா இருந்தா ஞாயிறு கூட்டிட்டு வாங்க, வாசல்ல பார்க்க வைக்கலாம்.

டேவிட்: அப்போ எல்லா ஊசியும் முடிஞ்சப்புறம் கொடுக்கலாமே. 8 வாரத்துல கொடுக்குறது அவசரமாப் படுது.

கீதா: எங்களுக்குள்ளயே இதில் ஒத்த கருத்து இல்லை. ஆனா காப்பகத்துக்கு தினமும் நோயாளி நாய் வருது. இங்கே வச்சிருந்தாலும் ஆபத்துதான். மனுஷங்களோட பழகுற வயசும் இதுதான், அது போனா பயந்த சுபாவமா வளரும். தெரு மண்ணுல இறக்கி விடாம, மடியில வச்சு வண்டி, ஆட்டோ, பிள்ளைங்க எல்லாத்தையும் காட்டுங்க.

டேவிட்: இன்னும் மனசு ஒப்பலை. ரெண்டாவது ஊசிவரைக்குமாவது பொறுக்கலாம்.

செல்வி: முன்னாடி பார்வோ வந்த வீடா இருந்தா நானும் டேவிட் பக்கம்தான். அந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்கா கிடக்கும். நாங்க தரையை பிளீச்சிங் கரைசல் ஊத்திக் கழுவினோம், தோட்டத்தை ஒண்ணும் பண்ண முடியலை.

முரளி: கருப்புப் பெண்குட்டி இருந்தா எனக்கு எடுத்து வைங்க. அடுத்த ஊசித் தேதியை அட்டையில எழுதிக் கொடுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்.