ஒரே வேலைக்கு ரெண்டு பி.ஓ.: யார் கையெழுத்து போடணும்? உங்க அனுபவம் சொல்லுங்க

ஓசூர் ஃபைனான்ஸ்

எங்க ஆலையில செலவு ஒப்புதல் அட்டவணை, டி.ஓ.ஏ.ன்னு சொல்றது, ரொம்பச் சின்னது. துறை மேலாளர் 50,000 வரை, பிளாண்ட் ஹெட் 5 லட்சம் வரை, சி.எஃப்.ஓ. 25 லட்சம் வரை, அதுக்கு மேல எம்.டி. படிச்சா ஒரு சந்தேகமும் வராது. நடைமுறைக்கு வரும்போதுதான் தலைவலி.

போன காலாண்டுல ஸ்க்ரூ கம்ப்ரஸர் ஒண்ணு ஓவர்ஹாலுக்கு வந்துச்சு. வெண்டர் ஒரே கொட்டேஷன்ல ரெண்டு வரி குடுத்திருந்தார்: உதிரிபாகம் 2,60,000, வேலைக்கூலி 3,20,000. பர்ச்சேஸ்ல இதை ரெண்டு பர்ச்சேஸ் ஆர்டரா, அதாவது ரெண்டு பி.ஓ.வா போட்டாங்க. ரெண்டுமே 5 லட்சத்துக்குக் கீழ, அதனால பிளாண்ட் ஹெட் ரெண்டையும் ஒரே நாள்ல ரிலீஸ் பண்ணிட்டார். கூட்டினா 5,80,000. பில் எங்கிட்ட வந்தப்போ நான் நிறுத்தி வெச்சேன். "சரக்கு வேற, சர்வீஸ் வேற, இதுல என்ன தப்பு"ன்னு பர்ச்சேஸ் என்மேல கோபம். வெண்டர் தினமும் போன் அடிக்கிறார்.

உங்க இடத்துல இப்படி வந்தா என்ன பண்ணியிருக்கீங்க?

பர்ச்சேஸ் பெஞ்ச்

சார், உங்க பர்ச்சேஸ்காரர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கு. உதிரிபாகத்துக்கு ஜி.ஆர்.என். போடணும், ஸ்டோர்ஸ் வழியா வரணும். கூலிக்கு சர்வீஸ் என்ட்ரி, டி.டி.எஸ். பிடிக்கணும். எச்.எஸ்.என். வேற, எஸ்.ஏ.சி. வேற. நாங்க எப்பவுமே ரெண்டு பி.ஓ.தான் போடுவோம். இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்லை. டி.ஓ.ஏ.ல "ஒரு பி.ஓ.வுக்கு 5 லட்சம்"னு எழுதியிருந்தா, ரெண்டு பி.ஓ.வும் செல்லும். அவ்வளவுதான்.

உள் தணிக்கை அக்கா

பாதி சரி, பாதி இல்லை தம்பி. ரெண்டு பி.ஓ. போடுறதுல தப்பே கிடையாது. நீங்க சொன்ன காரணம் எல்லாம் உண்மையான காரணம். ஆனா பி.ஓ.வைப் பிரிக்கிறதும் ஒப்புதலைப் பிரிக்கிறதும் ஒண்ணு இல்லை. நான் தணிக்கைக்குப் போனா முதல்ல கேக்குறது, "தேவை ஒண்ணா, ரெண்டா?" கூலி இல்லாம அந்த உதிரிபாகத்தை மட்டும் வாங்கியிருப்பாங்களா? கொட்டேஷன் ஒண்ணு, வேலை ஒண்ணு, வெண்டர் ஒருத்தர். அப்போ தேவையின் மதிப்பு 5,80,000. அது சி.எஃப்.ஓ. வரம்பு.

சரியா செய்யற முறை கஷ்டமே இல்லை. 5,80,000-க்கு ஒரே ஒப்புதல் குறிப்பு எழுதி சி.எஃப்.ஓ. கையெழுத்து வாங்கணும். அந்தக் குறிப்பு எண்ணை ரெண்டு பி.ஓ.வோட ஹெடர் டெக்ஸ்ட்லயும் போடணும். அப்புறம் பி.ஓ. ரெண்டு போட்டாலும் நாலு போட்டாலும் நான் வாயே திறக்க மாட்டேன்.

"ஒரு பி.ஓ.வுக்கு"ன்னு டி.ஓ.ஏ.ல எழுதியிருந்தா அந்த வார்த்தையையே மாத்தச் சொல்லுங்க. "ஒரு தேவைக்கு, முழு ஒப்பந்த மதிப்பில்"னு இருக்கணும். மாத்துறதுக்கு முன்னாடி, அந்த அட்டவணை போர்டு தீர்மானம் வழியா வந்ததா இல்லை யாரோ மெயில்ல சுத்துக்கு விட்டதான்னும் பாத்துக்குங்க. தீர்மானம் இல்லாத அட்டவணையை நம்பி ஒருத்தரைக் குற்றம் சொல்லப் போனா, அவர் "எனக்கு இது பொருந்தாது"ன்னு சொல்லிட்டுப் போயிடுவார்.

மத்திய நிறுவனம், ஸ்டோர்ஸ் பிரிவு

எங்களுக்கு இதில் விவாதத்துக்கே இடமில்லை. பொது நிதி விதிகள் 2017-இல் விதி 157 இதற்காகவே இருக்கிறது. மேலதிகாரியின் அனுமதியைத் தவிர்க்கும் நோக்கில் தேவையைச் சிறு சிறு அளவாகப் பிரித்து வாங்கக் கூடாது, மொத்தத் தேவையின் உத்தேச மதிப்பைத்தான் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அம்மையார் சொன்னதும் அதேதான்.

ஆனாலும் பிரிக்கிறார்கள். மார்ச் மாதம் வந்தால் டோனர் ஒரு கோப்பு, டிரம் ஒரு கோப்பு, காகிதம் ஒரு கோப்பு. எல்லாமே வரம்புக்குச் சற்றுக் கீழே. தணிக்கைக் குழு பில் எண்களை வரிசையாக அடுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடும். பிறகு விளக்கம் எழுதுவது கோப்பைத் தொட்ட கடைசி எழுத்தர்தான், ஒப்பமிட்ட அதிகாரி அல்ல.

திருப்பூர் பனியன்

எங்க கம்பெனியிலயும் இந்தப் பிரச்சினை உண்டு. நானும் தம்பியும் பார்ட்னர். பேங்க்ல ஜாயிண்ட் சிக்னேச்சர் குடுத்துட்டோம். 2 லட்சத்துக்கு மேல செக்னா ரெண்டு பேரும் போடணும். அதுக்கப்புறம் எந்தத் தொந்தரவும் இல்லை. நீங்களும் பேங்க்ல மேண்டேட் மாத்திட்டா முடிஞ்சது.

உள் தணிக்கை அக்கா

அண்ணே, அது பணம் வெளிய போற கட்டம். இவர் கேக்குறது அதுக்கு முன்னாடி, செலவு பண்ணலாமான்னு முடிவெடுக்கிற கட்டம். சரக்கு வந்து இறங்கி, மெஷின்ல மாட்டியும் ஆச்சுன்னு வைங்க. அப்புறம் செக்ல கையெழுத்து போட மாட்டேன்னு சொன்னா வெண்டருக்குக் கடன்காரர் ஆகுறதைத் தவிர ஒண்ணும் நடக்காது. ரெண்டும் தனித்தனியா இருக்கணும். முடிஞ்சா செலவை ஒப்புக்கொண்டவரும் பணத்தை விடுறவரும் வேற வேற ஆளா இருக்கணும்.

திருப்பூர் பனியன்

நம்ம ஆபீஸ்ல இருக்கறதே மூணு பேர்மா.

எஸ்.ஏ.பி. எம்.எம்.

சிஸ்டம் பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். ரிலீஸ் ஸ்ட்ராட்டஜி போட்டாச்சு, இனிமே யாரும் வரம்பு மீற முடியாதுன்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க. அது ஒரு பி.ஓ.வைத் தனியா எடுத்துத்தான் பாக்கும். பக்கத்துல இன்னொரு பி.ஓ. இருக்கறது அதுக்குத் தெரியாது. இவர் கேஸ்ல ரெண்டு பி.ஓ.வும் ME29N-ல சுத்தமா பச்சையாத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம், வழக்கமா மதிப்பை எடுக்கிறது CEKKO-GNETW-ல இருந்து. அது நிகர மதிப்பு, ஜி.எஸ்.டி. சேராது. உங்க டி.ஓ.ஏ. வரியோடயா, வரி இல்லாமலா? எழுதலைன்னா ரெண்டு பேர் ரெண்டு விதமா படிப்பாங்க. 4,50,000-க்கு பி.ஓ. போட்டா சிஸ்டத்துல பிளாண்ட் ஹெட் வரம்புக்குள்ள. 18% சேத்தா 5,31,000, சி.எஃப்.ஓ. வரம்பு. ஒரு கிளையன்ட் இடத்துல இதுக்கே ஒரு மத்தியானம் முழுக்க சண்டை.

பிரிச்சிருக்காங்களான்னு பாக்கணும்னா ME2L-ல வெண்டர்வாரியா எடுத்து எக்செல்ல போட்டு, ஒரே வெண்டர், 30 நாளுக்குள்ள, வரம்புக்கு 10% கீழ உள்ளதை வடிகட்டுங்க. இவர் கேஸ் மாதிரி 2.6, 3.2ன்னு நடுவுல விழுறது அதுல மாட்டாது. அதுக்கு வெண்டர்வாரியா மாசக் கூட்டுத்தொகை தனியா பாக்கணும்.

ஓசூர் ஃபைனான்ஸ்

எல்லாருக்கும் நன்றி. வரி விஷயத்துல எங்க அட்டவணை மௌனம். கேட்டதுக்கு, இன்புட் கிரெடிட் கிடைக்கிறதுக்கு வரி இல்லாம, கிடைக்காததுக்கு வரியோடன்னு சி.எஃப்.ஓ. வாயால சொன்னார். மெயில்ல போடச் சொல்லியிருக்கேன்.

கதையோட அடுத்த பாகம் இன்னும் சொல்லலை. அக்கா சொன்ன மாதிரியே 5,80,000-க்கு ஒரே குறிப்பு எழுதி சி.எஃப்.ஓ.கிட்ட போனோம். நடந்து முடிஞ்சதால அது பின்னேற்பு. பழைய தேதி போட்டுக் கொண்டு வந்தாங்க, நான் ஒத்துக்கலை. "இந்தத் தேதியில் ரிலீஸ் ஆனது, இந்தத் தேதியில் கவனத்துக்கு வந்தது, காரணம் இது"ன்னு எழுதி அன்னிக்குத் தேதியிலயே கையெழுத்து வாங்கினோம்.

அதுக்குள்ள கம்ப்ரஸரைப் பிரிச்ச இடத்துல ஏர் எண்ட் பேரிங் போயிருக்கு, கூடுதலா 1,40,000 ஆகும்னு வெண்டர் சொல்லிட்டார். ஞாயித்துக்கிழமை ராத்திரி. லைன் நிக்குது. சி.எஃப்.ஓ. விமானத்துல. பிளாண்ட் ஹெட் வாட்ஸ்அப்ல வெண்டருக்கு "ok proceed"னு போட்டுட்டார். 1.4 லட்சம்தானே, என் வரம்புக்குள்ளதானேங்கிறார்.

பர்ச்சேஸ் பெஞ்ச்

இதுல அவர் சரிதானே சார்? திருத்தம் தனி, 1,40,000.

உள் தணிக்கை அக்கா

இல்லை. திருத்தத்துக்கு அதிகாரம் யாருக்குன்னா, திருத்தம் சேர்ந்த மொத்த மதிப்பு யார் வரம்புல விழுதோ அவருக்கு. 5,80,000 + 1,40,000 = 7,20,000. சி.எஃப்.ஓ.தான். இல்லைன்னா முதல்ல 4,90,000-க்கு வாங்கிட்டு, மாசம் ஒரு திருத்தம் போட்டு எங்க வேணும்னாலும் போகலாமே. சில கம்பெனியில 10% வரைக்கும் கூடுனா முதல்ல ஒப்புக்கொண்டவர்கிட்டயே திரும்பப் போக வேண்டாம்னு விதி வெச்சிருப்பாங்க. இது 24%, அந்த விதி இருந்தாலும் உதவாது.

ஆனா பிளாண்ட் ஹெட்டை நான் குறை சொல்ல மாட்டேன். லைன் நிக்கும்போது அவர் முடிவெடுத்துத்தான் ஆகணும். குறை, அந்த மெசேஜ்ல. "ok proceed" எதுக்கு, எவ்வளவுக்கு? அதே ரெண்டு நிமிஷத்துல சி.எஃப்.ஓ.வுக்கு மெயில் போட்டு, ஃபைனான்ஸை சி.சி. வெச்சிருக்கலாம்: எந்தப் பி.ஓ., என்ன உடைஞ்சது, எத்தனை மணிக்குத் தெரிஞ்சது, ஏன் காலைவரை காத்திருக்க முடியாது, 1,40,000-க்கு மேல போகாது, முறையான திருத்தம் இந்தத் தேதிக்குள்ள வரும். அவ்வளவுதான். அவர் இறங்கினதும் "ஒப்புதல்"னு பதில் போட்டா அந்த மெயிலை பி.டி.எஃப். ஆக்கி பி.ஓ.வோட சேத்துடலாம். வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட்டும் சான்றுதான். ஆனா போன் மாத்தினா போச்சு, ஆள் வேலையை விட்டாலும் போச்சு.

டி.ஓ.ஏ.ல அவசரப் பிரிவு இல்லைன்னா சேருங்க. யார் முடிவெடுக்கலாம், உச்சவரம்பு எவ்வளவு, எத்தனை வேலை நாளுக்குள்ள பின்னேற்பு வரணும், மூணும் இருக்கணும். பின்னேற்புக்குத் தனிப் பதிவேடு வைங்க. ஒரே துறை மூணு மாசத்துல நாலு தடவை அதுல வந்தா, அங்க நடக்கறது அவசரமா, திட்டமிடாததான்னு தெரிஞ்சிடும்.

எஸ்.ஏ.பி. எம்.எம்.

ரிலீஸ் ஆன பி.ஓ.வுல விலை ஏத்தினா ரிலீஸ் தானா கழண்டுடும்னு நம்பாதீங்க. கான்ஃபிகரேஷன்ல மதிப்பு மாற்றத்துக்கு ஒரு சதவீதம் வைக்கலாம். யாராவது முன்னாடி தாராளமா வெச்சிருந்தா பழைய கையெழுத்து அப்படியே நிக்கும். டெஸ்ட் சிஸ்டத்துல ஒரு பி.ஓ. போட்டுப் பாத்துடுங்க.

மத்திய நிறுவனம், ஸ்டோர்ஸ் பிரிவு

மேலதிகாரி விடுப்பில் இருந்தால் யார் ஒப்பமிடுவது என்பதையும் எழுத்தில் வையுங்கள். எங்களிடம் பொறுப்பு ஆணை இல்லாமல் "ஃபார்" போட்டு ஒப்பமிட்ட ஒரு கோப்பு தணிக்கைப் பத்தி வரை போனது. ஆணையில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த வரம்பு என்று இருக்க வேண்டும். பொறுப்பு பெற்றவர் அதை இன்னொருவருக்குத் தர முடியாது என்றும் இருக்க வேண்டும்.

ஓசூர் ஃபைனான்ஸ்

கடைசியா ஒண்ணு, இதுல எங்களுக்குள்ளயே ஒத்துப் போகலை. இதே கம்ப்ரஸருக்கு ஏ.எம்.சி., அதாவது வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் பேசுறோம். வருஷம் 4,20,000, மூணு வருஷம். மொத்தம் 12,60,000. ஆனா 30 நாள் நோட்டீஸ் குடுத்தா எப்ப வேணா ரத்து பண்ணலாம்னு ஒப்பந்தத்துல இருக்கு. பிளாண்ட் ஹெட் 4.2ங்கிறார், நான் 12.6ங்கிறேன்.

உள் தணிக்கை அக்கா

நான் 12.6 பக்கம். ரத்து பண்ணலாம்னு எழுதியிருக்கும், யாரும் பண்றதில்லை.

பர்ச்சேஸ் பெஞ்ச்

எங்க இடத்துல நோட்டீஸ் காலத்தோட கட்டாயம் குடுக்க வேண்டிய தொகையை மட்டும்தான் எடுப்போம், ஸ்டேச்சுட்டரி ஆடிட்டரும் ஒத்துக்கிட்டார். ஆனா வருஷா வருஷம் தொடரணுமான்னு புதுசா ஒரு குறிப்பு போடணும், போடலைன்னா பி.ஓ. அந்தத் தேதியோட மூடிடும். அந்தக் குறிப்பை யாரும் ஞாபகமா போடறதில்லைங்கறது வேற விஷயம்.