டெலிப்ராம்ப்டர் பார்த்துப் பேசினால் செய்தி வாசிப்பது போல இருக்கிறது, என்ன செய்யலாம்?

தொட்டிச்செடி:
செடி வளர்ப்பு பற்றி நான்கு நிமிட வீடியோக்கள் போடுகிறேன். முழுவதையும் எழுதி, போனில் டெலிப்ராம்ப்டர் ஆப்பில் ஓடவிட்டு, அதே போனின் முன் கேமராவில் பதிவு செய்கிறேன். போன் படுக்கைவாட்டில், முகத்திலிருந்து ஒரு கை தூரத்தில் இருக்கும். "யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற மாதிரி இருக்கு" என்கிறாள் தங்கை. எழுதியது நானேதான்! கண்ணும் இடவலமாக ஓடுவது தெரிகிறது. ஒரு வரி மாதிரிக்கு:

"தொட்டியின் அடிப்பகுதியில் நீர் வெளியேறுவதற்கான துளைகள் இருப்பது அவசியமாகும்."

வேகத்தடை:
ஓடும் வேகம்தான் பிரச்சினை. எழுத்து முந்தினால் துரத்திக்கொண்டு படிப்போம், பிந்தினால் காத்திருப்போம். குரலைக் கேட்டுத் தானே நகரும் வசதி சில ஆப்களில் உண்டு, அதைப் போடுங்கள். எல்லாம் சரியாகிவிடும்.

ஒலிக்கூடம்:
வேகம் ஒரு காரணம்தான், ஆனால் வேகத்தைத் திருத்தினாலும் "அவசியமாகும்" என்ற சொல் அங்கேயேதான் இருக்கும். அந்த வரியை எந்த வேகத்தில் சொன்னாலும் அது செய்தி அறிக்கைதான். நாம் எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு என்பதால், எழுத்து நடையில் எழுதினால் வாய் தானாக வாசிப்பு ராகத்துக்குப் போய்விடும்.

எழுத உட்காராதீர்கள். முதலில் தங்கையிடம் சொல்வது போலப் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம் அதைக் கேட்டு, வாயில் வந்தபடியே எழுதுங்கள். உங்கள் வரி இப்படி ஆகும்:

"தொட்டிக்கு அடியில ஓட்டை இருக்கணும்.
இல்லேன்னா தண்ணி தேங்கிடும்.
தேங்கினா என்ன, வேர் அழுகும்."

மூச்சு விடும் இடத்தில் வரியை உடைத்திருக்கிறேன், பாருங்கள். "அழுகும்"-க்கு அப்புறம் ஒரு வெற்று வரி விட்டால், கண் அங்கே நிற்கும், நீங்களும் நிற்பீர்கள்.

கண் விஷயம் தனி. போனைப் படுக்க வைத்தால் லென்ஸ் ஒரு ஓரத்துக்குப் போய்விடும், எழுத்து நடுவில் இருக்கும். அதனால்தான் பார்வை பக்கவாட்டில் விலகுகிறது. செங்குத்தாக நிறுத்தி, எழுத்துப் பெட்டியை லென்ஸுக்கு நேர் கீழே நகர்த்துங்கள். வரிக்கு இரண்டு மூன்று சொற்கள் போதும். கண் கொஞ்சம் கீழே போனால் பார்ப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது, பக்கவாட்டில் ஓடினால் உடனே தெரியும். போனையும் தள்ளி வையுங்கள். அரை மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டருக்குப் போனால் லென்ஸுக்கும் எழுத்துக்கும் இடையிலான கோணம் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றாகிவிடும். எழுத்தைப் பெரிதாக்க வேண்டிவரும், குரலுக்குத் தனி மைக்கும் வேண்டும்.

நிழல்படம்:
எனக்கும் இதே பிரச்சினைதான். கண்ணாடி வைத்த ப்ராம்ப்டர் வாங்கினேன், எழுத்தெல்லாம் தலைகீழாக, இடவலம் மாறி வருகிறது.

ஒலிக்கூடம்:
அது வேறு பிரச்சினை நண்பரே. ஆப்பில் கண்ணாடிப் பிம்பம் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதைத் தட்டுங்கள். மேல்கீழாகவும் மாறியிருந்தால் போனைத் திருப்பி வைத்துப் பாருங்கள்.

கறிவேப்பிலை:
நான் ஸ்கிரிப்டையே விட்டுவிட்டேன். ஒரு துண்டுச் சீட்டுதான். ஆனால் முதலில் "துளை, மண், நீர்" என்று எழுதி வைத்தபோது அதுவும் ஒப்பிப்பது போலத்தான் வந்தது. இப்போது கேள்வியாக எழுதுகிறேன்: "ஓட்டை இல்லேன்னா என்ன ஆகும்?" கேள்வியைப் பார்த்ததும் குரல் பதில் சொல்லும் தொனிக்கு வந்துவிடுகிறது. அளவு, செடியின் பெயர் மட்டும் அப்படியே எழுதிக்கொள்வேன், அங்கேதான் நாக்கு குழறும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் முழுதாக இருக்கும். கடைசி வாக்கியம் இல்லையென்றால் "அப்புறம்... அவ்ளோதான்" என்று இழுத்துக்கொண்டே இருப்பேன்.

வேகத்தடை:
குரலைத் தொடரும் வசதியைப் பற்றி யாரும் பேசவில்லையே?

ஒலிக்கூடம்:
எழுதியதை அப்படியே சொன்னால் நன்றாக வேலை செய்யும். நடுவில் ஒரு சொந்த வாக்கியம் சேர்த்தால் என் ஆப் தடம் தெரியாமல் நின்றுவிடுகிறது; பேச்சுத் தமிழில் அடிக்கடி தடுமாறுகிறது. அது நிற்குமோ என்ற பயத்திலேயே எழுத்தை விட்டு நகர மாட்டேன், அது வேண்டாம். பழைய வீடியோவில் ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் பேசுகிறீர்கள் என்று எண்ணி, வேகத்தை அதற்குச் சற்றுக் கீழே வையுங்கள். கையில் நிறுத்தும் ரிமோட் இருந்தால் இன்னும் நிம்மதி.

தொட்டிச்செடி:
இரண்டு நாள் முயன்று பார்த்தேன். போனை நிமிர்த்தித் தள்ளி வைத்ததும் கண் ஓடுவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. தொடக்கமும் முடிவும் பேச்சுத் தமிழில் ஸ்கிரிப்ட், நடுவில் ஐந்து கேள்விகள் என்று வைத்தேன். தங்கை குறை சொல்லவில்லை. ஆனால் நான்கு நிமிடம் ஏழரை ஆகிவிட்டது, கேள்வி பார்த்தால் ஊர்க்கதை வந்துவிடுகிறது. ஸ்கிரிப்ட் முடிந்து கேள்விக்குப் போகும் இடத்தில் குரலும் மாறுகிறது.

கறிவேப்பிலை:
ஏழரையும் எடுங்கள், எடிட்டில் வெட்டுங்கள். நான் அப்படித்தான்.

ஒலிக்கூடம்:
எனக்கு அதில் உடன்பாடில்லை, வெட்டு அதிகமானால் பேச்சின் ஓட்டமே உடையும். ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியாக, இரண்டு முறை பதிவு செய்யுங்கள். இரண்டாவது முறை தானாகச் சுருங்கும். குரல் மாறுவதற்கு, ஸ்கிரிப்டின் கடைசி வரியைச் சொல்லிவிட்டுப் பதிவை நிறுத்தாமல் அப்படியே முதல் கேள்விக்குப் போய்ப் பாருங்கள். எனக்குப் பாதி நேரம்தான் அது கைகொடுத்திருக்கிறது.