கட்டைவிரல் நகம் அகலமா இருந்தா கோபக்காரியா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

அடையாறு மாமி
என் பெண்ணுக்கு இடது கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் குட்டை. நகம் நீளத்தைவிட அகலம் அதிகம், நுனி பரந்து உருண்டையாக இருக்கும். வலது கட்டைவிரல் எல்லோரையும் போலத்தான். சின்ன வயதில் ஒன்றும் தெரியவில்லை, பள்ளிக்கூடம் போகிற வயதில்தான் வித்தியாசம் கண்ணில் பட்டது. போன மாதம் மேற்கு மாம்பலத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அவள் காபி டம்ளரை நீட்டும்போது பையனின் அத்தை அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்குக் கைரேகை தெரியுமாம். இரண்டு நாள் கழித்துத் தரகர் போன் செய்து, "கட்டைவிரல் முரட்டு விரலாம், கோபம் வந்தால் தாங்காதாம், யோசிக்கிறார்கள்" என்றார். என் பெண் வீட்டில் குரலைக்கூட உயர்த்த மாட்டாள். இப்படி நகத்தை வைத்து யாருக்காவது சொல்லியிருக்கிறார்களா? அது எவ்வளவு சரி?

பெரம்பூர் பையன்
எனக்குச் சொல்லியிருக்கிறார்கள் மாமி! மெரினாவில் ஒரு அம்மா என் நகத்தைப் பார்த்துவிட்டு, "குட்டை நகம், எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பண்ணுவே" என்றார். நான் நகம் கடிக்கிறவன், அதனால்தான் குட்டை. இப்போது கடிப்பதை விட்டு வளர்க்கிறேன். அப்படியானால் குணமும் சாந்தமாகிவிடுமே? பெண்ணையும் நகம் வளர்க்கச் சொல்லுங்கள், வேலை முடிந்தது.

மயிலை ரேகைக்காரர்
தம்பி, வெட்டாமல் விட்டால் வளர்கிற வெள்ளைப் பகுதி கணக்கிலேயே வராது. நகத்தின் வடிவம் என்பது சதையோடு ஒட்டியிருக்கிற இளஞ்சிவப்புப் பகுதியின் வடிவம். அதன் நீளமும் அகலமும்தான் அளவு. உங்கள் விஷயத்தில் பாதி சரி: வருடக்கணக்காகக் கடித்தால் அந்தப் பகுதியும் சுருங்கிப் போகும். அதனால் கடித்த நகத்தைப் பார்த்து "வாதம் பண்ணுவான்" என்று நான் சொல்ல மாட்டேன். கடிக்கிற பழக்கத்தை வைத்து, மனதில் படபடப்பு உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

மாமி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கட்டைவிரலின் மேல் கணு மன உறுதி, நடுக்கணு யோசனை என்று வைத்துத்தான் பலன் சொல்கிறார்கள். மேல் கணு குட்டையாகவும் பருத்தும் இருந்தால் உறுதி பிடிவாதமாகிறது, திடீரென்று வெடிக்கிறது என்பது அவர்கள் கணக்கு. மேல்நாட்டுப் புத்தகங்களில் இதற்கு 'கொலைகாரன் கட்டைவிரல்' என்று பெயரே உண்டு. அத்தை அதை எங்கோ படித்திருப்பார் அல்லது கேட்டிருப்பார்.

ஆனால் ஒரு விரலை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எங்கள் முறையே இல்லை. மற்ற நான்கு விரல்களின் நுனியும் நகமும் எப்படி? நுனியை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். நகப் பக்கம் இருந்து பார்த்தால் நகத்தின் வடிவம் கண்ணை ஏமாற்றிவிடும்; கூம்பிய நுனியில்கூட அகல நகம் உட்கார்ந்திருக்கும்.

அடையாறு மாமி
பார்த்தேன் சார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நேராக வெட்டியதுபோல் சதுரமாக முடிகின்றன. மோதிர விரலும் சுண்டு விரலும் கொஞ்சம் கூம்பல். நகங்கள் நாலும் நீளம், அகலம் குறைவு.

மயிலை ரேகைக்காரர்
அப்படியானால் அந்தக் கை முழுக்கச் சண்டைக்காரக் கை இல்லை. சதுர நுனி என்றால் ஒழுங்கு, வேலையை முறைப்படி செய்வது. கூம்பல் என்றால் ரசனை, சட்டென்று இளகுவது. நீள நகம் உள்ளவர்கள் குற்றம் கண்டுபிடிப்பதில் அவ்வளவு ஆர்வம் காட்ட மாட்டார்கள் என்று மேல்நாட்டுக் கைரேகை நிபுணர் கீரோ எழுதியிருக்கிறார். நானாக இருந்தால், "வெளியே பொறுமை, ஏதோ ஒரு விஷயத்தில் மட்டும் அசைக்க முடியாத பிடிவாதம்" என்று சொல்வேன். அந்த ஒரு விஷயம் எது என்று மாமிக்கே தெரிந்திருக்கும்!

இன்னொன்று. சதுரம், கூம்பு, கூர், சப்பை என்று நுனியைப் பிரித்துக் குணம் சொல்வது நம் சாமுத்திரிகத்தில் வந்தது இல்லை. 19ஆம் நூற்றாண்டில் தார்ப்பாந்தினி என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி கைகளை அப்படி வகை பிரித்தார். நம் பக்கத்தில் நகத்தின் நிறமும் பளபளப்பும்தான் முக்கியம். தாமிர நிறத்தில் மினுங்கும் நகம் செல்வாக்கு என்பார்கள். கோபம், சாந்தம் எல்லாம் அங்கிருந்து இங்கே வந்து கலந்தவை. அத்தை 'நம்ம சாஸ்திரம்' என்று சொன்னால் அதை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

வில்லிவாக்கம் ரவி
எனக்கும் நகத்தில் பிரச்சினை. ஒரு வருடமாக எல்லா விரல் நகமும் மேடு கட்டி, நுனி தடித்துக்கொண்டே வருகிறது. வடபழனியில் ஒருவர் "சப்பை நுனி ஆகிறது, சுறுசுறுப்பு கூடும், தொழில் மாற்றம் வரும்" என்றார். மாறலாமா?

ராயப்பேட்டை நர்ஸ் அக்கா
ரவி, தொழில் இருக்கட்டும், முதலில் டாக்டரைப் பாருங்கள். விரல் நுனியின் வடிவம் பெரியவர்களுக்குப் புதிதாக மாறக்கூடாது. வீட்டிலேயே ஒன்று செய்யுங்கள். இரண்டு கை ஆள்காட்டி விரல்களையும் மடக்கி, நகமும் நகமும் முட்டும்படி முதுகோடு முதுகாக ஒட்டுங்கள். நகம் தொடங்குகிற இடத்தில் நடுவே வைர வடிவில் ஒரு சின்ன இடைவெளி தெரிய வேண்டும். அது மறைந்து போயிருந்தால் நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்லுவார்கள். நுரையீரல், இதயம், சில சமயம் ஈரல், குடல் கோளாறுகளில்கூட இது வரும். இடைவெளி தெரிந்தாலும், ஒரு வருடமாக மாறுகிறது என்கிறீர்கள், காட்டிவிடுவது நல்லது.

மாமி பெண்ணுக்கு இருப்பது வேறு. அங்கே நகம் மேடு கட்டாது, தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். கட்டைவிரல் நுனி எலும்பின் வளர்ச்சித் தட்டு சீக்கிரம் மூடிக்கொள்வதால் எலும்பு குட்டையாகிவிடுகிறது, நகமும் அதன் மேல் குட்டையாகப் படர்கிறது. பெரும்பாலும் பரம்பரை. சிலருக்கு இரண்டு கையிலும், சிலருக்கு ஒன்றில் மட்டும். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா? எங்கள் வார்டில் ஒரு அக்காவுக்கு இரண்டு கையிலும் அப்படித்தான். ஊசி போட அவரைத்தான் குழந்தைகள் கேட்கும்.

அடையாறு மாமி
என் மாமியாருக்கு உண்டு! ஆனால் அவருக்கு... சரி, வேண்டாம், கோபத்தைப் பற்றி இங்கே எழுத முடியாது.

பெரம்பூர் பையன்
அப்போ அத்தை சொன்னது சரிதானோ? 😄

மயிலை ரேகைக்காரர்
சிரிக்காதே தம்பி, அவர் மருமகளின் வாக்குமூலம் மட்டும் போதாது.

மாமி, அத்தையிடம் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி. பெண்ணுக்கு இடது கை என்ற பழைய வழக்கத்தில் அவர் பார்த்திருக்கிறார், அந்தக் குட்டை விரலும் இடதில்தான் இருக்கிறது. நான் அப்படிப் பார்ப்பதில்லை. எழுதும் கை அவளே வளர்த்துக்கொண்ட குணம், மற்றது பிறவியில் வந்தது. வலது கையால் எழுதுகிறாள் என்றால், பிறவியில் இருந்த பிடிவாதத்தை அடக்கிக்கொண்டாள் என்று அதே சாஸ்திரம் சொல்லும்.

திருவல்லிக்கேணி பாட்டி
அது எப்படி? எங்கள் காலத்தில் பெண்ணுக்கு இடது கைதான், கல்யாணமான பிறகும் இடதுதான். எழுதுகிற கை கதையெல்லாம் பின்னால் வந்தது. வலதில் நல்லதாக இருக்கிறது என்பதற்காகக் கையை மாற்றலாமா?

மயிலை ரேகைக்காரர்
பாட்டி, என் ஆசிரியரும் நீங்களும் இதில் ஒரே கட்சி. நான் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அடையாறு மாமி
அவள் எழுதுவது வலது கையால்தான். ஞாயிற்றுக்கிழமை தரகர் வருகிறார், இரண்டு கையையும் பார்க்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். ரவி, டாக்டரைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.