மொட்டை மாடி ஒழுகலுக்கு பிரிக்பேட் கோபாவா, வாட்டக் கலவையும் ஸ்லரி பூச்சுமா?

மாடிப்படி: எங்கள் வீட்டில் 8 மீட்டருக்கு 6 மீட்டர் மொட்டை மாடி, வெறும் தளம்தான், மேலே மெல்லிய பூச்சு மட்டும். மழைநீர்க் குழாய் ஒரே ஒரு மூலையில். நடுவில் இரண்டு நாள் தண்ணீர் நிற்கிறது, கீழே கூரையில் ஈரத் திட்டு. மேஸ்திரி செங்கல் துண்டுகளைக் கலவையில் பதிக்கும் கோபா போடச் சொல்கிறார். தம்பி ஸ்லரி பூச்சு அடித்தால் போதும் என்கிறான். எது சரி? சதுர மீட்டருக்கு எவ்வளவு சாமான் ஆகும்?

பூச்சுவேலை: தம்பி சொல்வதுதான் சரி. கோபா என்பது தளத்தின் தலையில் ஏற்றும் சுமை. செங்கல் தண்ணீரைக் குடிக்கும், அது எப்படி ஒழுகலைத் தடுக்கும்? பொடியும் திரவமுமாக இரண்டு பகுதியாக வரும், கலந்து கூழாக்கும் பாலிமர் ஸ்லரியை இரண்டு கோட்டாக, ஒன்றுக்கொன்று குறுக்கே அடியுங்கள். சதுர மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ ஆகும். தண்ணீர் நின்றாலும் உள்ளே போகாது. பத்து வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

வாட்டம்: செங்கல் தண்ணீர் குடிக்கும் என்பது உண்மை. கோபா அதுவாகவே நீர் தடுப்பு இல்லை என்பதும் உண்மை. தடுப்பது அதன் அடியில் தளத்தின் மேல் தேய்க்கும் சிமெண்ட் பால், மேலே வரும் 20 மி.மீ. கலவை, சுவரோரம் உருட்டிவிடும் மூலை. நடுவில் இருக்கும் செங்கல் துண்டு, தண்ணீர் குழாயை நோக்கி ஓட வாட்டம் கொடுக்க மட்டும்தான். ஆனால் இரண்டு நாள் நிற்கும் தண்ணீரின் மேல் பூச்சை மட்டும் நம்பச் சொல்வதை ஏற்க மாட்டேன். பூச்சு ஒரு மில்லிமீட்டர் கனம்தான். தளத்தில் முடி போன்ற ஒரு விரிசல் அசைந்தால் முதலில் கிழிவது அது. கிழிந்த இடத்தின் மேல் குளம் இருந்தால் ஒழுகும், குளம் இல்லாவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கும். அதனால் முதலில் வாட்டம்.

உங்கள் மாடிக்கே கணக்குப் போடுகிறேன். குழாய் மூலையிலிருந்து எதிர் மூலைக்கு 10 மீட்டர். 100-க்கு 1 வாட்டம் வைத்தால் 100 மி.மீ. உயர வேண்டும். மத்திய பொதுப்பணித்துறை விவரக்குறிப்பில் குழாய் வாயில் கோபாவின் கனம் குறைந்தது 65 மி.மீ. அப்படியென்றால் எதிர் மூலையில் 165, சராசரி 115. இதில் அடியில் 20 மி.மீ. கலவை, மேலே 20 மி.மீ. கலவை, நடுவில் 75 மி.மீ. செங்கல் துண்டு.

சதுர மீட்டருக்கு சிமெண்ட் இப்படி வரும். தளத்தின் மேல் முதல் சிமெண்ட் பால் 2.75 கிலோ. அடிக் கலவை 1:5, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல், ஏறக்குறைய ஆறரை கிலோ. செங்கல் துண்டுகளுக்கு இடையே போகும் அதே கலவைக்கு 12 கிலோ, பாதி இடம் கலவை என்று எடுத்திருக்கிறேன். இரண்டு நாள் தண்ணீர் விட்டு ஈரமாக வைத்த பின் இரண்டாவது சிமெண்ட் பால் 2.75. மேல் கலவை 1:4, ஏழரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கடைசியில் தேய்த்து முடிக்க ஒன்றிரண்டு கிலோ. மொத்தம் 33, 34 கிலோ. மணல் 85 லிட்டர், செங்கல் துண்டு தளர்வாக அளந்தால் 75 லிட்டர். 48 சதுர மீட்டருக்கு 32, 33 மூட்டை. கைப்பிடிச் சுவரில் 300 மி.மீ. உயரத்துக்கும் ஏற்ற வேண்டுமே, அதற்கு இன்னும் இரண்டு மூன்று மூட்டை. கலவையில் சேர்க்கும் வாட்டர்ப்ரூஃபிங் காம்பவுண்டை மட்டும் டப்பாவில் எழுதியிருக்கும் அளவுப்படி போடுங்கள், கூடுதலாக ஊற்றினால் கலவை பலம் குறையும்.

பூச்சுவேலை: எடையையும் சொல்லுங்கள் சார். அதை விட்டுவிட்டீர்கள்.

வாட்டம்: சரி, கேட்டது நியாயம். 115 மி.மீ. கோபா சதுர மீட்டருக்கு 220 கிலோ சுமார், மொத்த மாடிக்கு பத்து டன்னுக்கு மேல். நனைந்தால் இன்னும் கூடும். பழைய தளம் என்றால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் ஏற்றக் கூடாது. ஆனால் உங்கள் வழியிலும் வாட்டம் வேண்டும். குழாய் வாயில் 25 மி.மீ. வைத்தாலும் எதிர் மூலை 125, சராசரி 75. அதை வெறும் 1:4 கலவையாகப் போட்டால் 155 கிலோ எடை, சிமெண்ட் 29 கிலோ. அவ்வளவு கனத்தில் கலவை சுருங்கி வெடிக்கும்.

பூச்சுவேலை: 50-க்கு மேல் கனம் வந்தால் பொடி ஜல்லி சேர்த்து காங்கிரீட்டாகத்தான் போடுவோம். கலவையை யார் அவ்வளவு கனமாகப் போடுவார்?

வாட்டம்: அப்படியென்றால் எடை 180 கிலோ. கோபாவோடு வித்தியாசம் 40 கிலோதான். அதைவிடப் பெரிய மிச்சம் எதிர் மூலையில் இன்னொரு குழாய் வைப்பது. மேடு நடுக்கோட்டோடு முடிந்துவிடும், 50 மி.மீ. ஏற்றம் போதும். கோபாவின் சராசரி 95, 100-க்கு இறங்கும், பத்து டன்னில் ஒன்றரை டன் குறையும்.

கிணற்றடி: எங்கள் வீட்டில் ஏற்கெனவே கோபா இருந்தது. ஒழுகியதும் அதன் மேலேயே பூச்சு அடித்தோம். அடுத்த கோடையில் உள்ளங்கை அளவு கொப்புளங்கள். ஒன்றைக் கத்தியால் கீறினேன், உள்ளே தண்ணீர். அதனால் பூச்சே ஏமாற்று என்று சொல்கிறேன்.

வாட்டம்: பூச்சு ஏமாற்று இல்லை. உள்ளே ஈரம் இருந்த கோபாவின் வாயை மூடிவிட்டீர்கள். வெயிலில் அந்த ஈரம் ஆவியாகித் தோலைத் தூக்கியது. அடிப்பதற்கு முன் ஒரு மீட்டர் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விட்டிருந்தால் உள்பக்கம் வியர்த்திருக்கும். மரக்கட்டையால் தட்டிப் பார்த்தீர்களா? பொத்தென்று ஒலிக்கும் இடத்தில் கோபா தளத்தை விட்டுப் பிரிந்திருக்கும்.

கிணற்றடி: சுவரோரம் முழுக்க பொத்தென்றுதான் கேட்கிறது. அண்ணா, எங்கள் கொத்தனார் செங்கலை ஊற வைக்கவே இல்லை, காய்ந்ததை அப்படியே அடுக்கினார்.

வாட்டம்: அதுதான் காரணமாக இருக்கும். காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், கலவை இறுகாமல் பொடியாகும். குமிழி வருவது நிற்கும் வரை ஊற வைக்க வேண்டும்.

மாடிப்படி: நான் முதலில் என்ன செய்ய?

வாட்டம்: பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, குழாய் வாயை அடைத்து, வெறும் தளத்தில் 48 மணி நேரம் தண்ணீர் கட்டுங்கள். கீழே எங்கே ஈரம் வருகிறதோ அங்கே சாக்கட்டியால் வட்டம் போடுங்கள். விரிசலை இந்தக் கட்டத்திலேயே அடைத்தால்தான் உண்டு. கோபா போட்ட பிறகு மேலே ஓரிடத்தில் நுழையும் தண்ணீர் செங்கல் இடுக்கில் ஓடி நான்கு மீட்டர் தள்ளிச் சொட்டும், எங்கே கிழிந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பூச்சுவேலை: இதற்காகத்தான் கோபா வேண்டாம் என்கிறேன். பூச்சு கிழிந்தால் கண்ணுக்குத் தெரியும், அந்த இடத்தை மட்டும் ஒட்டலாம்.

வாட்டம்: அது நல்ல வாதம், மறுக்கவில்லை. ஆட்கள் நடக்கும், துணி காயப்போடும், தொட்டி வைக்கும் மாடியில் பூச்சு எத்தனை வருடம் நிற்கும் என்பதில்தான் நமக்குள் வேறுபாடு.

மாடிப்படி: தண்ணீர் கட்டிப் பார்த்தேன். நடுவில் ஒன்றும் இல்லை! ஈரம் வந்தது கைப்பிடிச் சுவர் மூலையில், சுவரும் தளமும் சேரும் கோட்டில். விசிறிக் கொக்கி பக்கமும் ஒரு சொட்டு. எடையைப் பற்றிப் பொறியாளரிடம் கேட்டிருக்கிறேன், அவர் இன்னும் வரவில்லை.

வாட்டம்: அந்தக் கோட்டை இப்போதே வெட்டித் திறந்து, கலவை அடைத்து, மூலையை உருட்டிவிடுங்கள். கோபாவோ காங்கிரீட்டோ, அது அதற்கு மேல்தான் வரும்.